நேர்காணலுக்கு நன்றி: மடை மட்டம் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி

வணக்கம் மேடம்,

திங்கட்கிழமை முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலுக்கு வந்திருந்த கயல்விழி எழுதுகிறேன், சிவகங்கை மாவட்டக் கண்மாய்களைப் பற்றி ஆய்வுத் திட்டம் கொடுத்திருந்தவள். உங்களுக்கும் குழுவில் இருந்த மற்ற பேராசிரியர்களுக்கும் முதலில் நன்றி. மதிப்பெண்ணையும் முதுகலை ஆய்வேட்டையும் பற்றி விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்து வந்தேன், நீங்களோ என் திட்டத்தை வரிவரியாகப் படித்து, ஓரத்தில் குறிப்பெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பேசினீர்கள். அது எனக்குப் பெரிய விஷயம்.

அதில் ஒரு கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தூர்வாரினால் கண்மாயின் கொள்ளளவு எவ்வளவு கூடும் என்று நான் அட்டவணை போட்டிருந்த பக்கத்தைக் காட்டி, "மடை மட்டத்துக்குக் கீழே தோண்டியதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டீர்கள். அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன், அதனால்தான் வெறும் நன்றியோடு நிறுத்தாமல் இதையும் எழுதுகிறேன்.

40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஒரு கண்மாயில் அரை மீட்டர் மண் எடுத்தால் 2 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 7 மில்லியன் கன அடி இடம் கிடைக்கிறது. காகிதத்தில் பார்க்க அழகான எண். ஆனால் அந்த அரை மீட்டர் முழுவதும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால், அதில் ஒரு சொட்டுகூடத் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. ஆயக்கட்டுக்கு மடை வழியாகக் கிடைக்கிற தண்ணீர் பழைய அளவுதான். சில சமயம் அதைவிடக் குறையவும் செய்யலாம், ஏனென்றால் தோண்டிய பள்ளம் நிறைந்த பிறகுதான் மடை மட்டத்துக்குத் தண்ணீர் வரும், மழை குறைந்த வருடத்தில் அந்த முதல் வரத்து அத்தனையும் பள்ளத்திலேயே நின்றுவிடும். கலுங்கு மறுகால் போகாவிட்டால் அடுத்த கண்மாய்க்கும் தண்ணீர் இல்லை.

அதற்காகத் தூர்வாருவதே வீண் என்று சொல்ல மாட்டேன். அடியில் படிந்த வண்டலை எடுத்தால் தண்ணீர் கீழே இறங்கிப் பக்கத்துக் கிணறுகள் ஊறும், கோடையில் ஆடு மாடு குடிக்கும், மீன் நிற்கும், எடுத்த வண்டல் வயலுக்கு உரமாகும். இவையெல்லாம் உண்மையான பலன்கள், ஆனால் பாசனக் கொள்ளளவு என்ற ஒரே தலைப்புக்குள் இவற்றைத் திணிக்கக் கூடாது. 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கிய பிறகு தூர்வாரிய கண்மாய்களைத்தான் நான் ஆய்வுக்கு எடுக்கிறேன் என்பதால், இந்தப் பிரிப்பு இல்லாமல் என் ஆய்வு நிற்காது.

ஊருக்கு வந்ததும் எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சியிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னது கணக்கைவிட முக்கியமாகப் பட்டது. தை மாதம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மடை ஓட்டம் நின்றுபோனால், பள்ளத்தில் கிடக்கிற தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். மடையில் வருகிற தண்ணீருக்கு முறை உண்டு, கடைமடைக்காரரும் தன் முறை வரும் என்று நம்பிக் காத்திருப்பார், இன்ஜின் தண்ணீர் டீசலுக்குப் பணம் இருப்பவர் வயலுக்குத்தான் போகும் என்றார். ஆக, மடை மட்டத்துக்கு மேலா கீழா என்பது அளவு மட்டும் இல்லை, யாருக்குக் கிடைக்கிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் கேள்வி இல்லாவிட்டால் நான் இந்தப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன்.

அப்புறம், திட்டத்தில் இரண்டு மாற்றம் செய்ய நினைக்கிறேன். ஒவ்வொரு கண்மாயிலும் மடை மட்டத்தை அளந்து, கொள்ளளவை அதற்கு மேலே, கீழே என்று தனித்தனியாக எழுதுவேன், கீழே நிற்கும் தண்ணீரை யார் எப்படி எடுக்கிறார்கள் என்பதைக் கள விசாரணையில் சேர்ப்பேன். திருத்திய பக்கத்தை இணைத்திருக்கிறேன். நேர்காணல் முடிந்துவிட்டது, இது மதிப்பீட்டில் சேராது என்று எனக்குத் தெரியும், நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கள் ஊர்க் கண்மாயின் மடையை அளந்துவிடுவேன்.

நீங்கள் கேட்ட மாற்றுச் சான்றிதழ் நகலை அலுவலகத்துக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மற்ற இரண்டு பேராசிரியர்களிடமும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள் மேடம்.

அன்புடன்,
கயல்விழி