தேங்காய் எண்ணெய் விலை மாற்றம்: ஆடி 1 முதல்

வெள்ளகோவில், 7.7.2025

எங்கள் மரச்செக்கில் எண்ணெய் வாங்கும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற ஆடி 1, வியாழக்கிழமை (17.7.2025) முதல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 390 ரூபாயிலிருந்து 470 ரூபாய் ஆகிறது. அரை லிட்டர் 245, ஐந்து லிட்டர் கேன் 2,300, சமையல்காரர்கள் எடுக்கும் 15 கிலோ டின் 7,250. எல்லாம் ஜிஎஸ்டி உட்பட. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் விலையில் மாற்றமில்லை.

காரணம் கொப்பரைதான். சித்திரையில் 390 என்று விலை வைத்தபோது காங்கேயம் களத்தில் கந்தகப் புகை போடாத கொப்பரை கிலோ 175 ரூபாய்க்கு எடுத்தோம். போன வாரம் அதே களத்தில் 240. வெள்ளை ஈயும் வாடல் நோயும் காய்ப்பைக் குறைத்துவிட்டன. இருக்கிற காயிலும் நிறைய இளநீராகவே மரத்தை விட்டு இறங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொப்பரை வேண்டும். ஆக, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் லிட்டருக்கு நூறு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட கூடுகிறது. அதில் 80 ரூபாயை மட்டும் விலையில் ஏற்றியிருக்கிறோம். பாமாயில் கலந்து பழைய விலைக்கே கொடுக்கலாமே என்று எங்களிடமே யோசனை சொன்னவர்கள் உண்டு. அந்த வேலை நம் செக்கில் நடக்காது.

ஏற்கெனவே உறுதி செய்த ஆர்டர்களுக்கு இந்த உயர்வு கிடையாது. முன்பணம் கட்டி ரசீது வாங்கியவர்களுக்கும், வாட்ஸ்அப்பில் "ஆர்டர் உறுதி" என்று எங்களிடமிருந்து பதில் வந்தவர்களுக்கும் பழைய விலைதான். சரக்கு ஆடியில் வந்தாலும் சரி, ஆவணிக் கல்யாணத்துக்கு என்று சொல்லி வைத்த டின்னாக இருந்தாலும் சரி, ரசீதில் உள்ள தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டோம். வண்டியில் வரும் பையன் வித்தியாசத் தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்; எங்களைக் கூப்பிடுங்கள். ரசீதில் எழுதிய அளவுக்கு மேல் கூடுதலாகக் கேட்டால் அந்தக் கூடுதலுக்கு மட்டும் புது விலை.

16-ம் தேதி மாலை 6 மணி வரை வரும் புது ஆர்டர்களையும் பழைய விலையிலேயே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வீட்டுக்குப் பத்து லிட்டர் வரைதான். கையில் இருக்கும் கொப்பரை எல்லோருக்கும் வர வேண்டும். மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்க நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கொப்பரை 200 ரூபாய்க்குக் கீழே இறங்கி இரண்டு வாரம் நின்றால் விலையைக் குறைத்து இதே பலகையில் எழுதுவோம். செப்டம்பரில் ஓணம் வருவதால் கேரளத்து வாங்கல் இருக்கும், அதற்கு முன்னால் இறங்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ரசீது தொலைந்துவிட்டது என்றால் கவலை வேண்டாம். பெயரும் ஊரும் சொன்னால் ஆர்டர் நோட்டைப் பார்த்துச் சொல்கிறோம். ஞாயிறு தவிர காலை 9 முதல் இரவு 7 வரை செக்கில் ஆள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மரச்செக்கு எண்ணெய் நிலையம், காங்கேயம் சாலை, வெள்ளகோவில்