பாலாற்றங்கரைக் கடை: விற்பனை விதிமுறைகள்

இந்த விதிமுறைகள் 2025 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. நீங்கள் ஆர்டர் போடும் நாளில் இந்தப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆர்டருக்குப் பொருந்தும். பிறகு நாங்கள் எதையாவது மாற்றினால் அது பழைய ஆர்டர்களைத் தொடாது.

1. கடையைப் பற்றி

காட்பாடி காந்தி நகரில் இருந்து நடக்கும் சின்னக் கடை இது. குடியாத்தம் கைத்தறி லுங்கிகள், ஆம்பூர்த் தோலில் செய்த பர்ஸ், பெல்ட், பைகள், கரிகிரி மண்பாண்டங்கள், ஆற்காடு மக்கன் பேடா ஆகிய நான்கு வகைதான் விற்கிறோம். எல்லாவற்றையும் நாங்களே வாங்கி இருப்பு வைத்து அனுப்புகிறோம். அதனால் சரக்கில் குறை என்றால் செய்தவரிடம் கேளுங்கள், கூரியர்காரரிடம் கேளுங்கள் என்று உங்களை அலையவிட மாட்டோம். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

விலையில் ஜிஎஸ்டி அடக்கம். டெலிவரிக் கட்டணம் தனி. பணம் கட்டும் பக்கத்தில் மொத்தமாகக் காட்டுவதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்க மாட்டோம்.

2. பொருளின் இயல்பு எது, குறை எது

பாதித் தகராறு இங்கேதான் வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

கைத்தறி லுங்கியில் அங்கங்கே நூல் முடிச்சு தென்படும், கரை ஒரு நூல் ஏறி இறங்கும். அது குறை இல்லை. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, சொன்னதைவிட நீளம் குறைவு ஆகியவை குறை. அடர்ந்த நிற லுங்கி முதல் சலவையில் சாயம் விடலாம். தனியாக நனைக்கச் சொல்லி உள்ளே சீட்டு வைத்திருப்போம். மூன்றாவது சலவையிலும் சாயம் ஓடினால் அது எங்கள் பொறுப்பு. துவைத்த லுங்கியாக இருந்தாலும் திரும்ப வாங்கிக்கொள்வோம்.

தோலில் மாட்டின் பழைய தழும்பு, சுருக்கக் கோடு இருக்கலாம். தையல் பிரிவது, ஜிப் சிக்குவது, பட்டன் கழன்று வருவது குறை.

மண்பாண்டத்தில் மெருகின் நிறம் சூளைக்குச் சூளை மாறும். திரையில் பார்த்த பச்சையும் கையில் வரும் பச்சையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. பச்சை கேட்டு நீலம் வந்தால் அது எங்கள் தவறு. கீறல், விரிசல், கசிவு எல்லாமே குறைதான். ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், கசிந்தால் சொல்லுங்கள்.

3. டெலிவரி

ஆர்டர் போட்டதும் வரும் பில்லில் 'இந்தத் தேதிக்குள்' என்று ஒரு நாள் இருக்கும். அந்தத் தேதிதான் நாங்கள் கொடுக்கும் வாக்கு. சாதாரணமாக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு 3 நாள், தமிழகத்தின் மற்ற ஊர்களுக்கு 5 நாள், வெளி மாநிலங்களுக்கு 9 நாள் ஆகும். முதலில் சொன்ன மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. எங்கள் கட்டணத்தைப் பொறுத்தவரை இன்னும் அப்படித்தான்: 1 கிலோ வரை மூன்றுக்கும் 40 ரூபாய். தமிழகத்தின் மற்ற பகுதிகளுக்கு 70, வெளி மாநிலங்களுக்கு 110. கனமான ஜாடிகளுக்கு எடைக்கேற்பக் கூடும். அந்தத் தொகையைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடலாம்.

பில்லில் சொன்ன தேதி தாண்டி வந்தால் பார்சலை வாங்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. டெலிவரிக் கட்டணத்தோடு முழுப் பணமும் திரும்பும். வெள்ளம், புயல், போக்குவரத்து நிறுத்தம் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் இது பொருந்தாது. அப்போதும் நிலவரத்தை நாங்களே வாட்ஸப்பில் தெரிவிப்போம்.

ஜவ்வாது மலை, ஏலகிரி மலை ஊர்களில் கூரியர் வீடு வரை வருவதில்லை. அங்கே தபால் வழியாகவே அனுப்புகிறோம், கூடுதலாக 3 நாள் ஆகும்.

வேலூரில் சிகிச்சைக்காக லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் நிறையப் பேர் எங்களிடம் வாங்குகிறார்கள். டாக்டர் திடீரென்று ஊருக்குப் போகலாம் என்பார், அறையைக் காலி செய்துவிடுவார்கள், பார்சல் லாட்ஜ் மேசையில் கிடக்கும். அதனால் லாட்ஜ் முகவரி கொடுப்பவர்கள் அறை எண்ணோடு கிளம்பும் தேதியையும் எழுதுங்கள். தேதி முன்னால் வந்துவிட்டால் ஒரு மெசேஜ் போதும். பார்சல் வெளியே போகாத வரை கடையிலேயே எடுத்து வைப்போம், அல்லது உங்கள் சொந்த ஊருக்குத் திருப்பிவிடுவோம். கட்டண வித்தியாசம் மட்டும் உங்களுடையது. லாட்ஜில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி, உங்கள் கைக்கு வராமல் போனால் அது பார்சல் வந்து சேர்ந்ததாகக் கணக்கில்லை. ஆர்டரில் இருக்கும் பெயருக்கோ, நீங்கள் எழுதிக்கொடுத்த ஆளுக்கோ கொடுத்தால்தான் டெலிவரி முடிந்ததாக அர்த்தம். கல்லூரி விடுதி கேட்டில் விட்டுவிட்டுப் போகும் பார்சலுக்கும் இதே விதி.

கூரியர்காரர் இரண்டு முறை வந்தும் ஆள் இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் பார்சல் எங்களிடமே திரும்பி வரும். பொருளின் விலையைத் திருப்பித் தருவோம், டெலிவரிக் கட்டணத்தைத் தர இயலாது. பேடா ஆர்டர் இப்படித் திரும்பினால் அதை மறுபடி விற்க வழியில்லை. எனவே அதற்குப் பணம் திரும்பாது.

மக்கன் பேடாவை மூன்று மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் மட்டும் அனுப்புகிறோம். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் சென்னைக்கும் கிடையாது. வேலூர் வெயிலில் கூரியர் வேனுக்குள் ஒரு மதியம் கிடந்தால் பேடா பேடாவாக இருக்காது.

4. ஆர்டரை ரத்து செய்வது

பார்சல் கட்டும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், பிடித்தம் எதுவும் இல்லை. பர்ஸில் பெயர் பொறிக்கச் சொல்லியிருந்தால் பொறிக்கும் முன் உங்களுக்கு எழுத்தைப் படமெடுத்து அனுப்புவோம். நீங்கள் 'சரி' என்ற பிறகு ரத்து செய்ய முடியாது. நாங்கள் எழுத்துப் பிழை விட்டால் புதிதாகச் செய்து தருவோம்.

5. உடைந்தோ, மாறியோ, குறையோடோ வந்தால்

பார்சல் வந்த 48 மணி நேரத்துக்குள் வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்புங்கள்: பொருளின் படம் ஒன்று, முகவரிச் சீட்டோடு பெட்டியின் படம் ஒன்று. பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. ஆசையாய் வாங்கிய பெட்டியைக் கையில் போனைப் பிடித்துக்கொண்டா பிரிப்பார்கள்! 48 மணி நேரம் என்பது கூரியர் கம்பெனியிடம் நாங்கள் கோர வேண்டிய கெடுவுக்காக. ஊரில் இல்லாமல் நான்காம் நாள் பிரித்தாலும் சொல்லுங்கள், உங்கள் புகாரைத் தள்ளிவிட மாட்டோம்.

மண்பாண்டங்களை வைக்கோல் சுற்றி, பபிள் ஷீட் போட்டு, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுகிறோம். அப்படியும் உடைவது உண்டு. ஆறு குவளைகளில் ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்கலாம், அல்லது அதன் விலையைத் திரும்பப் பெறலாம். ஒரே செட் என்பதால் அதே நிறம் கிடைக்காவிட்டால் மொத்த செட்டையும் திருப்பலாம். உடைந்த துண்டுகளை அனுப்பத் தேவையில்லை. ஆனால் நாங்கள் படம் பார்த்துச் சரி சொல்லும் வரை குப்பையில் போட வேண்டாம்.

பேடா கெட்டுப்போய் வந்தாலோ, ஜீரா கசிந்து பெட்டி நனைந்திருந்தாலோ படம் போதும், முழுப் பணம் திரும்பும். மூடியில் உள்ள தயாரிப்புத் தேதியும் படத்தில் தெரியட்டும்.

இந்தப் பிரிவின்படி திருப்பி அனுப்பும் எதற்கும் கூரியர் செலவு எங்களுடையது.

6. பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை

லுங்கி, தோல் பொருள்களை வந்த 7 நாளுக்குள் திருப்பலாம். உடுத்தாமல், துவைக்காமல், சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும். இதற்குக் கூரியர் செலவு உங்களுடையது. மண்பாண்டத்தை இப்படிக் கூரியரில் திருப்ப வேண்டாம், வழியில் உடைந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். நேரில் கடைக்குக் கொண்டு வந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேடாவையும் பெயர் பொறித்த பொருளையும் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்ப இயலாது.

7. பணம் திரும்புவது

திருப்பிய பொருள் எங்கள் கைக்கு வந்த 2 வேலை நாளுக்குள் பணத்தை அனுப்பிவிடுவோம். பொருளைத் திருப்பத் தேவையில்லாத இடத்தில், படம் பார்த்துச் சரி சொன்ன நாளிலிருந்து அதே 2 நாள். எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில் திரும்பும். யுபிஐ என்றால் உடனே தெரியும். கார்டு என்றால் வங்கியைப் பொறுத்து ஒரு வாரம் வரை ஆகலாம். கையில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் யுபிஐ ஐடி அனுப்பினால் அதில் போடுவோம். பணத்துக்குப் பதில் கூப்பன் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டோம்.

பணம் திரும்பி வர நீங்கள் பின் நம்பர் அடிக்கவோ, ஓடிபி சொல்லவோ, ஏதாவது லிங்கைத் தொடவோ வேண்டியதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

ஆர்டர் பதிவாகாமல் யுபிஐயில் பணம் மட்டும் போய்விட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் அது தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு உங்கள் வங்கியைக் கேளுங்கள், தேவையான விவரத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.

8. புகார்

திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை போன் எடுப்போம். எண்ணும் மின்னஞ்சலும் பில்லின் அடியில் இருக்கின்றன. குறைதீர்ப்பு அலுவலர் சாரதா. பார்சல் கட்டுவதிலோ கணக்கிலோ அவருக்கு வேலை இல்லை. கட்டியவரே தன்மேல் வந்த புகாரை விசாரித்தால் நியாயமாக இருக்காது அல்லவா?

புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு புகார் எண் உங்களுக்கு வரும். பெரும்பாலும் 7 நாளில் முடிவு சொல்வோம். எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது 2020 மின்வணிக விதிகளில் இருக்கிறது. முடியாது என்று சொல்வதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தருவோம்.

கெட்ட விமர்சனம் எழுதியதால் யாருடைய பணத்தையும் நிறுத்தி வைக்க மாட்டோம். விமர்சனத்தை நீக்கினால் பணம் தருகிறோம் என்றும் பேச மாட்டோம்.

எங்கள் பதில் திருப்தி தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். அதற்காக வேலூர் வரை வர வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம். 'வேலூர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது' என்ற வரியை அதனால்தான் இங்கே சேர்க்கவில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில்லையும் எங்களோடு பேசிய வாட்ஸப் செய்திகளையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.

9. உங்கள் விவரங்கள்

பெயர், முகவரி, போன் எண் மூன்றையும் பார்சல் அனுப்பவும் பில் போடவும் மட்டும் பயன்படுத்துகிறோம். கூரியர் கம்பெனிக்கும் தபால் துறைக்கும் தவிர வேறு யாருக்கும் தருவதில்லை. லாட்ஜ் அறை எண்ணையும் கிளம்பும் தேதியையும் டெலிவரி முடிந்ததும் அழித்துவிடுவோம். பொங்கல், ரம்ஜான் தள்ளுபடிச் செய்தி வேண்டும் என்று நீங்களே கட்டத்தில் டிக் அடித்தால் மட்டும் அனுப்புவோம். 'நிறுத்து' என்று பதில் போட்டால் அன்றே நின்றுவிடும்.