வீட்டுக் கிரய ஒப்பந்தம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் இரு தரப்பும் நேரில் இருந்து, முழுச் சம்மதத்தோடு எழுதிக்கொண்ட கிரய ஒப்பந்தம்.

1. தரப்பினர்

திருச்சிராப்பள்ளி மாவட்டம், ஸ்ரீரங்கம் வட்டம், திருவானைக்காவல், பாரி தெரு, கதவு எண் 14இல் குடியிருக்கும் முத்தையா மகன் மு. தங்கராசு, வயது 61. இவர் இனி "விற்பவர்".

திருச்சிராப்பள்ளி, தில்லை நகரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் இராமசாமி மகன் இரா. செந்தில்வேலன், வயது 38, அவர் மனைவி செ. கயல்விழி, வயது 35. இருவரும் சேர்ந்து இனி "வாங்குபவர்". வீட்டில் இருவருக்கும் சரிபாதி உரிமை.

இச்சொற்கள் அந்தந்தத் தரப்பின் வாரிசுகளையும் சேர்த்தே குறிக்கும்.

2. ஒப்பந்தத்தின் பின்னணி

கீழே சொத்து விவரத்தில் கண்ட மனையை விற்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில், ஸ்ரீரங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1 புத்தகம், 2008ஆம் ஆண்டின் 2147ஆம் எண்ணாகப் பதிவான கிரயப் பத்திரத்தின்படி வாங்கினார். 2011இல் திட்ட அனுமதி பெற்று வீடு கட்டினார். பட்டாவும் சொத்து வரியும் மின் இணைப்பும் அவர் பெயரிலேயே உள்ளன. இது பூர்வீகச் சொத்து அல்ல. பிள்ளைகளுக்கோ உடன்பிறந்தோருக்கோ இதில் பங்கு கிடையாது.

இரண்டு விஷயங்களை விற்பவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்று, மூலப்பத்திரங்கள் அவருக்கு வீட்டுக்கடன் கொடுத்த வங்கியில் அடமானமாக உள்ளன. பிப்ரவரி 28, 2025 அன்றைய கடன் பாக்கி ரூ.10,72,400. இரண்டாவது, மாடியில் ஒரு குடும்பம் மாத வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் கொடுத்த ரூ.60,000 முன்பணம் விற்பவரிடம் உள்ளது. இவை தவிர வேறு அடமானமோ, வழக்கோ, ஜப்தியோ, வேறொருவரோடு செய்த ஒப்பந்தமோ இல்லை என்று விற்பவர் உறுதி கூறுகிறார். வாங்குபவர் 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும் பத்திர நகல்களையும் பார்த்து, வீட்டையும் நேரில் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

3. கிரயத் தொகை

மனை, வீடு, ஆழ்துளைக் கிணறு, மோட்டார், பொருத்தப்பட்ட மரவேலைகள் எல்லாம் சேர்த்து மொத்தக் கிரயம் ரூ.64,00,000 (ரூபாய் அறுபத்து நான்கு லட்சம்). பதிவு நாளுக்குள் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் இத்தொகை மாறாது. கிரயப் பத்திரத்திலும் இதே தொகைதான் எழுதப்படும். குறைத்து எழுத இரு தரப்புக்கும் சம்மதமில்லை.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதும் செலவு வாங்குபவருடையது. அடமானத்தை ரத்து செய்யும் செலவு விற்பவருடையது.

4. பணம் செலுத்தும் முறை

கிரயம் ரூ.50 லட்சத்துக்கு மேல் என்பதால், வருமான வரிச் சட்டம் 194-IA பிரிவின்படி ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்தம் செய்து, படிவம் 26QB வழியாக அரசுக்குச் செலுத்தி, படிவம் 16B சான்றை விற்பவரிடம் கொடுக்க வேண்டும். பிடித்த வரியும் விற்பவருக்குக் கொடுத்த தொகையாகவே கணக்கில் சேரும்.

முதல் தவணை ரூ.5,00,000. இது முன்பணம். இதில் வரி ரூ.5,000 போக ரூ.4,95,000 இன்று விற்பவரின் சேமிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பெற்றுக்கொண்டதை விற்பவர் இதன் மூலம் ஒப்புக்கொள்கிறார். தனி ரசீது தேவையில்லை.

இரண்டாம் தவணை ரூ.12,00,000, ஏப்ரல் 11, 2025க்குள். வரி ரூ.12,000 போக உள்ள ரூ.11,88,000 விற்பவர் கைக்கு நேரே போகாது. கடனை முடிக்க அன்றைய தேதியில் எவ்வளவு வேண்டும் என்று வங்கியிடம் விற்பவர் எழுத்தில் கடிதம் வாங்கித் தர, அத்தொகையை வாங்குபவர் நேராகக் கடன் கணக்கிலேயே கட்டுவார். மீதி இருந்தால் அதே நாளில் விற்பவரின் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவார். கடன் முடிந்த 30 நாளுக்குள் விற்பவர் மூலப்பத்திரங்களைத் திரும்பப் பெற்று, அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, அதன் பதிவு தெரியும் புதிய வில்லங்கச் சான்றை வாங்குபவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாம் தவணை ரூ.47,00,000. வரி ரூ.47,000 போக ரூ.46,53,000 கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில், சார்பதிவாளர் முன் கையெழுத்திடும்போது, வங்கி வரைவோலையாகத் தரப்படும். வாங்குபவர் இதற்கு வீட்டுக்கடன் வாங்கலாம். அதற்கு வேண்டிய நகல்களையும் மதிப்பீட்டாளர் பார்வைக்கு வீட்டையும் விற்பவர் தடையின்றித் தர வேண்டும்.

எந்தத் தவணையும் ரொக்கமாகத் தரவோ பெறவோ கூடாது.

கிரயப் பத்திரம் ஜூலை 11, 2025க்குள் பதிவாக வேண்டும். வங்கியாலோ அரசு அலுவலகத்தாலோ தாமதமானால் மட்டும் 30 நாள் வரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு நீட்டிக்கலாம்.

5. சுவாதீனம்

இன்று சுவாதீனம் ஒப்படைக்கப்படவில்லை. பதிவு நாள் வரை வீடு விற்பவர் வசமே இருக்கும். அதுவரையிலான சொத்து வரி, குடிநீர், மின் கட்டணமும் அவர் பொறுப்பு.

மாடிக் குடித்தனத்தை ஜூன் 15, 2025க்குள் விற்பவர் காலி செய்ய வைத்து, அவர்களின் முன்பணத்தைத் தானே திருப்பித் தர வேண்டும். இதற்காக அவர்களின் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. பதிவுக்கு முந்திய நாள் வாங்குபவர் வந்து இரு தளமும் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகே பதிவு. பதிவு முடிந்ததும் எல்லாச் சாவிகளும் அசல் பத்திரங்களும் அன்றே கைமாற வேண்டும்.

6. ஒப்பந்தம் தவறினால்

எந்தத் தரப்பு தவறினாலும், மறுதரப்பு முதலில் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, சரிசெய்ய 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதன் பிறகுதான் கீழ்க்கண்டவை.

வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்கினால் விற்பவர் ரூ.1,00,000 மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றத் தொகை முழுவதையும் 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வேறொருவருக்கு விற்க முடியாமல் போன மாதங்களுக்கான நியாயமான ஈடு இது என்று இரு தரப்பும் கணக்கிட்டு முடிவு செய்தது. முன்பணம் முழுவதும் போய்விடாது.

விற்பவர் எழுதிக்கொடுக்க மறுத்தால், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் மூலம் கிரயப் பத்திரம் எழுதி வாங்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. அது வேண்டாம் என்றால், கொடுத்த தொகையை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடும் கூடுதலாக ரூ.1,00,000 ஈட்டோடும் கேட்டுப் பெறலாம். பணம் திரும்பும் வரை அதற்கு இந்த வீடே பிணை.

வாங்குபவரின் வீட்டுக்கடனை வங்கி எழுத்தில் மறுத்தாலோ, உரிமையில் சரிசெய்ய முடியாத குறை தெரியவந்தாலோ அது யார் தவறும் ஆகாது. கொடுத்த தொகை பிடித்தமின்றி 60 நாளுக்குள் திரும்ப வேண்டும். குறையை விற்பவர் அறிந்தே மறைத்திருந்தால் மேற்கண்ட வட்டியும் சேரும்.

சொத்து விவரம்

ஸ்ரீரங்கம் சார்பதிவு எல்லை, திருவானைக்காவல், பாரி தெரு, கதவு எண் 14. கிழமேல் 40 அடி, தென்வடல் 45 அடி, ஆக 1,800 சதுர அடி மனையும், அதில் 1,150 சதுர அடி தரைத்தளமும் 650 சதுர அடி மாடியும். நான்கு மால்: வடக்கே பாரி தெரு, தெற்கே 23ஆம் எண் மனை, கிழக்கே கதவு எண் 16 வீடு, மேற்கே கதவு எண் 12 வீடு.

7. கையொப்பம்

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம் என்பதால், இரு தரப்பும் மார்ச் 14, 2025 அன்று ஸ்ரீரங்கம் சார்பதிவாளர் முன் ஆஜராகி இதைப் பதிவு செய்ய ஒப்புக்கொள்கின்றனர். அசல் வாங்குபவரிடமும் சான்றிட்ட நகல் விற்பவரிடமும் இருக்கும். இதில் எந்த மாற்றமும் இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும்.

முழுவதும் வாசிக்கக் கேட்டு, புரிந்துகொண்டு, சாட்சிகள் முன் கையெழுத்திட்டோம்.

விற்பவர்: (ஒப்பம்) மு. தங்கராசு
வாங்குபவர்: (ஒப்பம்) இரா. செந்தில்வேலன், (ஒப்பம்) செ. கயல்விழி

சாட்சிகள்:
1. (ஒப்பம்) த. இராசலட்சுமி, விற்பவரின் மனைவி, கதவு எண் 14, பாரி தெரு
2. (ஒப்பம்) இரா. மணிமாறன், வாங்குபவரின் அண்ணன், தில்லை நகர்