சீகோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் (SNK809), பாளையங்கோட்டையில் விற்பனைக்கு

பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே ஸ்பிரிங் முறுகி ஓடும் 7S26 மூவ்மென்ட். குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். நாளுக்கு 15 வினாடி வேகமாக ஓடுகிறது. கேஸ் 37 மி.மீ., வார் அகலம் 18 மி.மீ.

30 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்றதும் குற்றால அருவிக்குக் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அது அசையாத தண்ணீர் அழுத்தத்தின் கணக்கு, 3 பார். கை கழுவலாம், சாரலில் நனையலாம், அவ்வளவுதான். தாமிரபரணியில் முங்கி நீந்த 100 மீட்டர் வாட்ச் வேண்டும். அதோடு, ஐந்து வருடமாக இதன் ரப்பர் வளையத்தை மாற்றவில்லை.

கண்ணாடியில் 10 மணிப் பக்கம் சின்னக் கீறல். விலை 4,500 ரூபாய். நேரில் பார்த்து வாங்கலாம்.