இரவுத் தியானம்: நன்றியும் மன அமைதியும் (குரல் பதிவுப் பிரதி)

அக்கா,

இது பத்து நிமிடக் காணொளி. ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு, படுப்பதற்கு முன்னால் கேட்பவர்களுக்காக எழுதியது. முதல் ஒரு நிமிடம் திரையில் காவிரிக் கரையின் அந்தி நேரம் ஓடும். அப்புறம் திரை கிட்டத்தட்ட இருட்டுதான். கண்ணை மூடியிருப்பவருக்கு உங்கள் குரலும், தாழ்வாக ஒலிக்கும் தம்புராவும் மட்டுமே துணை.

வேகம் நிமிடத்துக்கு 60 சொற்கள். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் மௌனம் வரும், பயப்பட வேண்டாம். வேகத்தைக் குறைப்பதற்காகக் குறிலை நெடிலாக இழுக்காதீர்கள். "மெதூவாக" என்று வந்தால் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். சொல்லை இயல்பாகச் சொல்லிவிட்டு, சொற்றொடர்களுக்கு நடுவில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். "விடுங்கள்" என்பது வாயில் "விடுங்க" என்று வந்தால் வரட்டும், ஆனால் கடைசி வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பிரதியில் / என்றால் இரண்டு வினாடி, // என்றால் ஐந்து வினாடி. அதற்கு மேல் போனால் அடைப்புக்குறிக்குள் வினாடியை எழுதியிருக்கிறேன்.

1. அமர்தல் (0:00 – 1:20)

[தொனி: வீட்டுக்கு வந்தவரிடம் "உட்காருங்க" என்று சொல்லும் அளவு நெருக்கம் போதும். விளம்பரச் சிரிப்பு வேண்டாம்.]

வணக்கம். //

இன்றைய நாள் முடிந்துவிட்டது. / நன்றாகப் போயிருக்கலாம். / போகாமலும் இருந்திருக்கலாம். //

வசதியாக உட்காருங்கள். / நாற்காலியோ, தரையோ, / கட்டிலின் ஓரமோ, / எதுவானாலும் சரி. //

முதுகை விறைப்பாக வைக்க வேண்டாம். / தோள்களைக் கொஞ்சம் தளர விடுங்கள். //

பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தால், / தாடையையும் தளர்த்துங்கள். //

கண்களை மூடிக்கொள்ளலாம். (8)

2. மூச்சு (1:20 – 3:10)

[உள்மூச்சுக்கு 4 வினாடி, வெளிமூச்சுக்கு 6. அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். அதனால்தான் வெளிமூச்சை நீளமாக வைத்திருக்கிறேன். நீங்களும் மைக் முன்னால் கூடவே மூச்சு விடுங்கள், இடைவெளி தானாகச் சரியாக விழும். வாக்கிய முடிவில் குரல் கீழே இறங்க வேண்டும். மேலே ஏறினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.]

மூக்கின் வழியாக, மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். (4)

அவசரமில்லாமல் வெளியே விடுங்கள். (6)

மறுபடி உள்ளே. (4)

வெளியே. (6)

உள்ளே வரும்போது காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். / வெளியே போகும்போது இதமான சூடு. / மூக்கு நுனியில் அது தெரிகிறதா, பாருங்கள். (10)

மனம் எங்காவது போகும். / நாளைய வேலை, / கட்டாத பில், / யாரோ சொன்ன ஒரு சொல். // போனால் போகட்டும். / போனது தெரிந்ததும், மூச்சுக்குத் திரும்பி வாருங்கள். (20)

3. நன்றி (3:10 – 6:40)

[எல்லோரும் குரலில் தேனைக் கலக்கும் இடம் இதுதான். இங்கே உருக வேண்டாம் அக்கா. பால்காரரைப் பற்றிச் சொல்லும்போது பால்காரரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். உணர்வைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு காட்சிக்கும் முகம் நினைவுக்கு வர நேரம் கொடுங்கள்.]

இன்று காலையிலிருந்து உங்கள் கைக்கு வந்து சேர்ந்தவற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். //

காலையில் குடித்த காபி, / அல்லது டீ. // அந்தப் பாலைக் கறந்தவரை உங்களுக்குத் தெரியாது. / விடியும் முன்னே பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனவரின் முகம்கூட ஞாபகத்தில் இருக்காது. // ஆனாலும் பால் வந்தது. (8)

பேருந்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்த ஒருவர். / "சாப்பிட்டாயா" என்று கேட்ட ஒரு குரல். //

அப்படி, இன்று உங்களுக்குச் சிறிதாக ஏதோ செய்த ஒருவரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். / பெரிய உதவியாக இருக்க வேண்டியதில்லை. (15)

அவர் முகம் தெரிகிறதா? // அந்த நேரத்தில் அவருக்கும் ஏதோ வேலை இருந்திருக்கும். / ஏதோ கவலை இருந்திருக்கும். (10)

மனதுக்குள், உங்கள் சொந்தச் சொற்களில், / அவருக்கு நன்றி சொல்லுங்கள். (20)

[அடுத்த நாலு வரிதான் இந்தப் பிரதியிலேயே முக்கியம். அன்று வேலை போனவர் கேட்டுக்கொண்டிருக்கலாம், வீட்டில் துக்கம் நடந்தவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். இரக்கம் காட்டும் குரலும் வேண்டாம், தைரியம் சொல்லும் குரலும் வேண்டாம். "பரவாயில்லை" என்பதை மணி கேட்டவருக்கு மணி சொல்வது போலச் சொல்லுங்கள்.]

யாரும் நினைவுக்கு வரவில்லையா? / பரவாயில்லை. //

சில நாட்கள் அப்படித்தான் இருக்கும். / வராத உணர்வை இழுத்து வரவழைக்க வேண்டாம். //

நீங்கள் கேட்காமலே நாள் முழுக்கத் துடித்த இதயம் இருக்கிறது. //

நெஞ்சில் ஒரு கையை வைத்து, / அதோடு கொஞ்ச நேரம் இருங்கள். (25)

4. அமைதி (6:40 – 9:00)

[சொற்கள் இங்கே மிகக் குறைவு. குரலைத் தாழ்த்தலாம், ஆனால் கிசுகிசுக்கக் கூடாது. ஹெட்போனில் "ச" எல்லாம் காதைக் கீறும். கடைசி வரிக்குப் பிறகு முழுசாக ஒரு நிமிட மௌனம். போன் நின்றுவிட்டதோ என்று யாரும் கண்ணைத் திறந்துவிடாதபடி தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்.]

இப்போது எதையும் நினைக்க வேண்டாம். //

வெளியே வண்டிச் சத்தம் கேட்கலாம். / பக்கத்து வீட்டு டிவி கேட்கலாம். / கேட்கட்டும். // அவை நிற்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். (15)

இந்தச் சத்தத்துக்கு நடுவிலும், / உங்கள் மூச்சு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. (20)

அதனோடு இருங்கள். (60)

5. திரும்புதல் (9:00 – 9:45)

[ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் சொல் திடுக்கிட வைக்கக் கூடாது. பாதி குரலில் தொடங்கி, இரண்டாவது வரியில் பழைய அளவுக்கு வாருங்கள்.]

விரல்களை மெதுவாக அசையுங்கள். //

உட்கார்ந்திருக்கும் இடத்தை, / உடம்பின் பாரத்தை உணருங்கள். //

தோன்றும்போது கண்களைத் திறங்கள். // தூக்கம் வந்தால், திறக்காமல் அப்படியே படுத்துக்கொள்ளலாம். //

இரவு இனிதாகட்டும்.

பதிவுக்கு

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாயை நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்லை", "பால்", "பேருந்து" மூன்றிலும் காற்று நேராக மைக்கில் அடிக்கும். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் அணைத்திருக்க வேண்டும் (ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள்). இடைவெளிகளில் பதிவை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருங்கள். நிறுத்தி நிறுத்திப் பேசினால் ஒவ்வொரு முறையும் குரல் புதிதாகத் தொடங்கும். 60 வினாடி மௌனத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அதை நான் எடிட்டிங்கில் வைத்துக்கொள்கிறேன். அதற்காகக் கடைசியில் 30 வினாடி யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்து தாருங்கள். சுத்தமான மௌனத்தை ஒட்டினால் பொட்டென்று அறுந்த மாதிரி கேட்கும்.

வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரைச்சல் நீக்கம் எதுவும் போட வேண்டாம். தவறினால் நிறுத்தாமல், ஒரு தட்டு தட்டிவிட்டு அந்த வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்லுங்கள். அந்தத் தட்டல் அலைவடிவத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் 3ஆம் பகுதியை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள். அதில் வேகமும் தொனியும் சரியாக அமைந்தால், மீதியை அதே அளவில் எடுத்துவிடலாம்.