கனமழை: நாளை செவ்வாய்க்கிழமை பள்ளி விடுமுறை

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

நாளை, நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, நம் வேளச்சேரி வளாகத்தில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் 2 வரை எல்லா வகுப்புகளுக்கும் விடுமுறை. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வந்துவிட்டது. சிறப்பு வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி எதுவும் இல்லை.

இன்று பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அனைவரும் வீடு சேர்ந்துவிட்டார்கள். கடைசி வேன் மாலை 5.20க்குக் கீழ்க்கட்டளையில் பிள்ளைகளை இறக்கிவிட்டது. பெற்றோர் வர நேரமான நான்கு பிள்ளைகளும் 6 மணிக்குள் அவரவர் அம்மா, அப்பாவுடன் கிளம்பிவிட்டார்கள்.

சென்னைக்கு வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் சில இடங்களில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை பெய்யக்கூடும் என்பது அதன் பொருள். நம் பகுதி தாழ்வானது. இங்குள்ள மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நீர்மட்டம் ஏறிவிட்டால் வடிகாலில் ஓட்டம் மந்தமாகிவிடும். அதனால் மழை விட்ட பிறகும் தெருவில் தண்ணீர் நிற்கும். "வெயிலடிக்கிறதே, ஏன் லீவு?" என்று யாராவது கேட்டால் இதுதான் காரணம்.

இன்று மாலை பள்ளி வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். வகுப்பறைகளுக்குள் வரவில்லை. தரைத்தள வகுப்புகளில் பிள்ளைகள் விட்டுச் சென்ற புத்தகங்களை முதல் மாடிக்கு ஏற்றிவிட்டோம், அவற்றை எடுக்க யாரும் வர வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளையை எங்கே விடுவது என்ற சிரமம் புரிகிறது. ஆனாலும் பள்ளிக்குக் கூட்டி வராதீர்கள். நாளை இங்கே காவலாளி மட்டும்தான் இருப்பார்.

நாளை நடக்கவிருந்த 10ஆம் வகுப்பு கணக்குத் தேர்வு சனிக்கிழமை காலை 9.30க்கு, அதே பாடப்பகுதியில் நடக்கும். ஆன்லைன் வகுப்பு வைக்கவில்லை. பாதி வீடுகளில் கரண்ட் இருக்காது. மிச்சம் இருக்கும் போன் சார்ஜ் அவசரத்துக்கு வேண்டும். வீட்டுப்பாடம் முடிக்காமல் வரும் பிள்ளையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

புதன்கிழமை பள்ளி உண்டா என்பதை நாளை இரவு 8 மணிக்குச் சொல்கிறேன். அரசே விடுமுறை அறிவித்தால் அது நமக்கும் பொருந்தும். முடிவைப் பள்ளிகளிடம் விட்டால், வாசலில் தண்ணீர் வடிந்திருக்கிறதா, மின்சாரமும் கழிவறைத் தண்ணீரும் இருக்கின்றனவா, வேன் ஓடும் சாலைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் திறக்கமாட்டேன். திறந்த பிறகும் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி செய்தி போதும், வருகைப்பதிவில் குறையாது.

முடிவு பள்ளி செயலியிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் மட்டுமே வரும். மற்ற குழுக்களிலிருந்து ஃபார்வர்டாக வரும் விடுமுறைச் செய்தியில் முதலில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்கும் பழைய வருடத்து அறிவிப்பு மறுபடி சுற்றும்.

பிள்ளைகளைத் தேங்கிய தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். மூடி திறந்த பாதாளச் சாக்கடைக் குழி கலங்கல் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் தடுத்து நிறுத்தி, மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போல இருந்தால் தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. தெரு வெள்ளம் சம்ப்புக்குள் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். குடிக்கும் தண்ணீர் எதுவானாலும் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். தண்ணீர் தேங்கினால் மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108.

வீட்டில் தண்ணீர் புகுந்து புத்தகமோ சீருடையோ நனைந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மாற்றுப் புத்தகம் நூலகத்திலிருந்து தருவோம். இந்த வாரம் முழுவதும் கலர் டிரஸ், செருப்பு போட்டு வரலாம். ஈர ஷூவோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும்.

வேனில் வருபவர்களுக்கு: தண்ணீர் வடியும்வரை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வேன்கள் உள்தெருக்களுக்குள் வராது. மெயின் ரோடு பஸ் நிறுத்தங்களில் மட்டும் நிற்கும், நேரம் 15 நிமிடம் முன்னதாக. ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது அவருக்கு போன் செய்யாமல் உதவியாளரைக் கூப்பிடுங்கள்.

நாளை காலை 9 முதல் மாலை 5 வரை, பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் உள்ள அலுவலக எண்ணில் அழைக்கலாம். எண் கைப்பேசிக்குத் திருப்பப்பட்டிருப்பதால் கரண்ட் போனாலும் எடுப்பார்கள்.

முதல்வர்
திங்கள், நவம்பர் 17, மாலை 6.45