சானலில் தண்ணீர் வந்துவிட்டதா, அப்பா?

மே 26, இரவு 9.10

அப்பா, மஸ்கட் வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்த செங்கவருக்கை மாம்பழங்களில் இரண்டுதான் நசுங்கியிருந்தன. அவற்றை முதலில் தின்று தீர்த்தோம். உங்கள் பேரன் கொட்டையை விடவில்லை.

திருவனந்தபுரம் போகும் வழியில், காரில் நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று தினமும் கேட்கிறாய். ஆமாம், ஆமாம், ஆமாம் என்று நானும் சொல்கிறேன். மூன்று ஆமாமுக்கு ஒரு போன் எதற்கு மக்களே?"

நீங்கள் சொன்னது சரி. அம்மா போன இந்தப் பதினோரு மாதமும் நான் பயத்தில் கேட்டேன். என் பயம் அடங்கட்டும் என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

நாளை முதல் உங்கள் நேரம் காலை ஏழரைக்கு எழுதுவேன். இங்கே அப்போது ஆறு மணி, ஆஸ்பத்திரி பஸ்ஸுக்காக நிற்கும் நேரம். நலமா என்று கேட்க மாட்டேன். அங்கே இருக்கிற நீங்கள் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்பேன். ஒரு சொல்லாக இருந்தாலும் போதும், குரலில் பதிந்து அனுப்பினாலும் சரி. ஒன்பது மணி வரை பதில் வராவிட்டால் மேல வீட்டு அண்ணன் வந்து கதவைத் தட்டுவார். அவரிடம் சொல்லிவிட்டேன், சாவி ஒன்றும் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதீர்கள் அப்பா. வார்டில் மனம் சிதறாமல் நான் வேலை பார்ப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மே 27, காலை 7.30

மரத்தில் இன்னும் எத்தனை மாங்காய் மிச்சம்? கீழே நின்று எண்ணினால் போதும். ஏணி வேண்டாம்.

அப்பா: பதினேழு. அணில் தின்றது தனிக் கணக்கு.

மே 28, காலை 7.42

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வெளியே வந்தேன். எழுதத் தெம்பில்லை. வாசலில் நின்றால் தாடகை மலை தெரிகிறதா, மேகம் மூடியிருக்கிறதா? ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப்போகிறேன்.

மே 29, காலை 7.30

மலையின் பாதியை உங்கள் கட்டைவிரல் மறைத்துவிட்டது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன். இன்று படம் வேண்டாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

அப்பா: மேற்கு. ஈரம் இருக்கிறது. நாலைந்து நாளில் பிடிக்கும்.

மே 30, காலை 10.15

இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. அதனால் இது கொஞ்சம் நீளம். கட்டிலில் சாய்ந்துகொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

என் வார்டில் நிஸ்வாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். உங்களைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். என்ன வேலை பார்த்தீர்கள் என்று நேற்றுக் கேட்டேன். தண்ணீர் பங்கு வைப்பவர் என்றார். அப்பா, நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த நாட்டில் பலஜ் என்று ஒரு வாய்க்கால் உண்டு. மலையடியில் ஊறும் நீரைப் பூமிக்கு அடியிலேயே வெட்டிய வழியில் மைல் கணக்கில் கொண்டுவந்து, ஊருக்குள் திறந்து, ஈச்சந்தோப்புகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். நிஸ்வாவில் இருப்பதன் பெயர் பலஜ் தாரிஸ். 2006-இல் இந்நாட்டின் ஐந்து பலஜ்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதில் இதுவும் ஒன்று. தண்ணீரை அளந்து கொடுப்பதில்லையாம், நேரத்தைத்தான் பங்கு வைப்பார்களாம். அதர் என்று ஓர் அளவு, ஏறக்குறைய அரை மணி நேரம். பகலில் நட்ட கம்பின் நிழலைப் பார்த்துக் கணக்கு. இரவில் நட்சத்திரம். எந்த நட்சத்திரம் மலைமுகட்டைத் தொட்டால் யாருடைய முறை முடிகிறது என்பது இவருக்கு மனப்பாடம்.

எங்கள் அப்பா தோவாளை சானலில் லஸ்கராக இருந்தவர், பேச்சிப்பாறைத் தண்ணீரை மதகு மதகாகத் திறந்துவிட்டவர் என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உன் தந்தை இரவில் எதைப் பார்த்து நேரம் சொன்னார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் உங்கள் பிள்ளையாக இருந்தும் இதைக் கேட்டதில்லை. முறைத் தண்ணீர் விட்ட ராத்திரிகளில் நேரத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள்? குரலில் பதிந்து அனுப்புங்கள். அவருக்குச் சொல்ல வேண்டும்.

மே 31, காலை 7.30

பதினோரு நிமிடம் பேசியிருக்கிறீர்கள்! நேற்று இரவு இரண்டு தடவை கேட்டேன். 1976-இல் வேலைக்குச் சேர்ந்தபோது உங்களிடம் கைக்கடிகாரம் இல்லை என்பதும், மூத்த லஸ்கர் ஆறாமீனையும் விடிவெள்ளியையும் காட்டிக் கொடுத்தார் என்பதும் எனக்குப் புதிது. மழைக்காலத்தில் வானம் மூடிவிட்டால் பீடி எத்தனை தீர்ந்தது என்று எண்ணுவீர்கள் என்றீர்களே, அதையும் பெரியவரிடம் சொல்லலாமா, வேண்டாமா?

அப்பா: சொல். இப்போது குடிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்.

ஜூன் 1, காலை 7.31

சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னார்.

இன்று முதல் குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அல்லவா? ஜூலை கடைசிவரை வள்ளத்து மீன்தான். சைக்கிள்காரர் கூடையில் என்ன கொண்டுவந்தார்? என்ன விலை சொன்னார்?

அப்பா: சாளை. விலை கேட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்கு மட்டும் அவித்தேன்.

ஜூன் 1, காலை 7.50

கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள என்ன? காந்தாரி மிளகு அரைத்தீர்களா? அம்மா அரைப்பதுபோல் சின்ன உள்ளி வைத்தா? எனக்கு இங்கே நாக்கு ஊறுகிறது.

அப்பா: உள்ளி வைத்தேன். அவள் கைக்கு வராது.

ஜூன் 1, காலை 7.56

வராது அப்பா. எனக்கும் வரவில்லை.

ஜூன் 3, காலை 7.30

மழை பிடித்துவிட்டது என்று மேல வீட்டு அண்ணன் நேற்றே எனக்குச் செய்தி அனுப்பிவிட்டார். உங்கள் வாயால் கேட்க வேண்டும். ஓட்டின் மேல் எப்படிக் கேட்கிறது? போனைத் திண்ணையில் ஒரு நிமிடம் வைத்துப் பதிந்து அனுப்புங்கள். நீங்கள் பேச வேண்டாம்.

ஜூன் 4, காலை 7.30

அந்த ஒரு நிமிட மழையை உங்கள் பேரன் காதில் வைத்துக்கொண்டே தூங்கினான். நடுவில் நீங்கள் இருமியதும் பதிவாகியிருக்கிறது. அதைப் பற்றி இன்று எதுவும் கேட்கவில்லை. நாளையும் இருமினால் கேட்பேன்.

இன்றைய கேள்வி அவனுடையது: "தாத்தா, தவளை எத்தனை?"

அப்பா: எண்ண முடியவில்லை. இருமல் ஒரு தடவைதான். சுக்கு போட்டுக் கருப்பட்டிக் காப்பி குடித்தேன்.

ஜூன் 6, காலை 7.30

பேச்சிப்பாறையில் இன்று எத்தனை அடி? பேப்பரில் பார்த்துச் சொல்லுங்கள். மொத்தம் 48 அடி என்பது சின்ன வயதில் நீங்கள் கணக்குப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. பெருஞ்சாணி 77. இரண்டும் இன்னும் மறக்கவில்லை. கன்னிப்பூவுக்கு நாற்று பாவியாயிற்றா? யார் யார் வயலில்?

ஜூன் 9, காலை 7.30

சானலில் தண்ணீர் வந்துவிட்டதா, அப்பா?

ஜூன் 9, காலை 8.20

குளிக்கப் போயிருப்பீர்கள். வந்ததும் ஒரு சொல் எழுதுங்கள்.

ஜூன் 9, காலை 8.55

அப்பா?

ஜூன் 9, காலை 9.04

போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, காலை 9.31

அண்ணன் பேசிவிட்டார். போன் கட்டிலில், நீங்கள் சானல் கரையில். குடை கூட எடுக்காமல்.

மருந்து அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். திட்ட மாட்டேன். வந்து பேசுங்கள்.

அப்பா: மக்களே, விடியற்காலையில் சத்தம் கேட்டது. காய்ந்த சானலில் முதல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம். முப்பத்துச் சொச்சம் வருடம் கேட்ட சத்தம். செருப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லை. மூன்றாம் மதகில் குப்பை அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன். நீ பயந்திருப்பாய் என்று அவன் வந்து சொன்னபிறகுதான் தோன்றியது. தப்புதான்.

ஜூன் 9, இரவு 8.40

தப்பு இல்லை அப்பா. நான் கேட்ட கேள்விக்குப் பதில் பார்க்கத்தான் போயிருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று. போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சேலைக்கடை உறை அலமாரியின் இரண்டாவது தட்டில் நிறைய இருக்கிறது, அம்மா சேர்த்து வைத்தது. மழையில் கரை வழுக்கும். மதகுப் படியில் இறங்குவதாக இருந்தால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் கற்றுக்கொடுங்கள், மதகு பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் ஊரில் வேண்டும்.

ஜூன் 10, காலை 7.30

சானல் கரைப் படம் கிடைத்தது. இந்த முறை கட்டைவிரல் இல்லை! பெரியவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கரை மண்ணா, கல்லா?" என்று கேட்டார். என்ன சொல்லட்டும்?

அப்பா: மண். சில இடத்தில் சிமெண்ட். மண்கரைதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்.

ஜூன் 12, காலை 7.30

உங்கள் கொல்லையில் மட்டிக்குலை பழுத்ததா? பழுத்திருந்தால் ஒரு சீப்பு அண்ணன் வீட்டுக்கு. ஒன்பதாம் தேதிக்காக.

ஜூன் 14, காலை 7.05

அப்பா: மக்களே, இன்று நான் முந்திக்கொண்டேன். நீ இரவுப் பணி முடித்துவரும் நாள் என்று காலண்டரில் குறித்திருக்கிறேன். அந்த நிஸ்வாப் பெரியவர் எழுந்து நடக்கிறாரா? அவர் ஊரில் இப்போது ஈச்சம்பழம் பழுக்கிற காலமா?

ஜூன் 14, காலை 7.38

நடக்கிறார் அப்பா. நேற்று மகன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். பழம் நிறம் மாறத் தொடங்கிவிட்டதாம். போகும்போது ஒரு தாளில் கம்பும் நிழலும் வரைந்து கொடுத்திருக்கிறார், உங்களுக்காக. எந்த நிழல் யாருடைய முறை என்று பக்கத்தில் அரபியில் எழுதியிருக்கிறது. இன்று தூங்கி எழுந்ததும் தோழியிடம் கொடுத்து மொழிபெயர்த்து அனுப்புகிறேன். நீங்கள் ஆறாமீன் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள், மகன் முகவரி தந்திருக்கிறார்.

மரத்தில் இப்போது எத்தனை?

அப்பா: நான்கு. ஒன்று அணிலுக்கு.